பிரஷர் மெஷினுக்கு என் இருப்பிடம் எதுக்கு? ஒரு வாக்கியத்தின் நிகழ்வு ஆய்வு

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று. கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் அளவெடுத்து, புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். அதற்கான ஆப்பின் தமிழ் வரிகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆப் வெளிவந்த சில வாரங்களில் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு அழைப்பைக் கேட்கச் சொன்னார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசினார். மகன் மெஷினை வாங்கி அனுப்பியிருக்கிறார், கூடவே அவர் பயன்படுத்திய பழைய போனையும். மெஷினை இணைக்கப் போனால் போன் இருப்பிடத்தைக் கேட்கிறது. டீச்சர் கேட்ட கேள்வி இதுதான்: "பிரஷர் பாக்குற மெஷினுக்கு என் இருப்பிடம் எதுக்கு தம்பி?"

எதிர்முனையில் இருந்தவர் "அது ஆண்ட்ராய்டு ரூல் மேடம், அலோ குடுத்துடுங்க" என்றார். டீச்சர் கொடுக்கவில்லை. மெஷின் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தத் திரையில் விளக்கமே இல்லாமல் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. இருந்தது, அதுவும் நான் கையெழுத்திட்டு அனுப்பியது:

"தங்களுக்குத் தடையற்ற சேவையை வழங்கும் பொருட்டு இச்செயலிக்குத் தங்கள் சாதனத்தின் இருப்பிட அணுகல் தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் வழிகாட்டுதல்களின்படி, அருகிலுள்ள குறைந்த ஆற்றல் புளூடூத் சாதனங்களை ஸ்கேன் செய்வதற்கு இந்த அனுமதி கட்டாயமாகும். தங்கள் இருப்பிடத் தகவல்கள் சேகரிக்கப்பட்டு மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படுவதில்லை. தங்கள் தனியுரிமையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். மேலும் விவரங்களுக்கு எங்கள் தனியுரிமைக் கொள்கையைப் பார்க்கவும்."

ஐந்து வாக்கியங்கள். இதை ஒரே வாக்கியமாக்க வேண்டும், அதைப் படித்த பிறகு டீச்சர் நம்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். முடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் எழுத்துக்குப் போனது கொஞ்சம்தான். எழுதியது உண்மையா என்று பார்ப்பதற்கே பெரும்பங்கு போனது.

முதலில் டீச்சரின் கேள்விக்கு எனக்கே பதில் தெரிய வேண்டும். ஆப்பை எழுதும் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதன் சாரம் இது. கடைகளிலும் மால்களிலும் 'பீக்கன்' என்ற சின்னக் கருவிகளைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். அவை ஓயாமல் தங்கள் அடையாள எண்ணைப் புளூடூத்தில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்தக் கடைச் சுவரில் இருக்கிறது என்ற பட்டியல் ஒரு ஆப்பிடம் இருந்தால், சுற்றியுள்ள புளூடூத்தைக் கேட்டாலே போதும், போன்காரர் எந்தக் கடையில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் தேவையே இல்லை. அதனால் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், புளூடூத்தில் சுற்றுப்புறத்தைத் தேட நினைக்கும் ஆப் இருப்பிட அனுமதி வாங்கியாக வேண்டும் என்று கூகுள் வைத்தது. ஆண்ட்ராய்டு 10-இல் அது துல்லியமான இருப்பிட அனுமதியாகவே இருக்க வேண்டும் என்று இறுகியது. டீச்சர் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு 10.

விதி நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. புளூடூத் தேடலுக்காக வாங்கும் அனுமதியும் ஜிபிஎஸ்ஸைத் திறக்கும் அனுமதியும் ஒன்றே. "மெஷினைத் தேட மட்டும்" என்று பாதி அனுமதி தர அந்தப் போன்களில் வழியில்லை. கொடுத்துவிட்டால், ஆப் நினைத்தால் இடத்தைப் படிக்கலாம். அப்படியென்றால் டீச்சரின் சந்தேகம் அறியாமையில் வந்ததல்ல. அது சரியான சந்தேகம். பயத்தைப் போக்குவதற்காக எழுதக் கூடாது, பயத்துக்குப் பதில் சொல்வதற்காக எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

அடுத்து, பழைய வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு டீச்சருக்கே போன் செய்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, என்ன புரிகிறது என்று கேட்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இருப்பிடம்னா வீட்டு அட்ரஸ்தானே தம்பி? தாலுகா ஆபீஸ்ல இருப்பிடச் சான்று குடுக்குறாங்களே, அதுதானே?"

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் தொழிலில் 'லொக்கேஷன்' என்றால் 'இருப்பிடம்' என்று போடுவது அனிச்சையாகிவிட்டது. ஆண்ட்ராய்டின் தமிழிலும் அந்தச் சொல்தான். ஆனால் வருவாய்த் துறை வாசலில் நின்ற யாருக்கும் இருப்பிடம் என்றால் குடியிருக்கும் வீடு, கதவு எண், தெருப் பெயர். தன் வீட்டு முகவரியை மருந்துக் கம்பெனிக்கு விற்கப் போகிறார்கள் என்றே டீச்சர் நினைத்திருந்தார். 'நீங்கள் இருக்கும் இடம்' என்று சொன்னதும் விஷயம் தெளிந்தது. ஆனாலும் 'இருப்பிடம்' என்ற சொல்லை முழுக்கத் தூக்கிப் போட முடியாது. அடுத்து வரும் பெட்டி போனுடையது, அதில் அந்தச் சொல்தான் இருக்கும். நம் வாக்கியத்தில் அது இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு விஷயம் என்று தோன்றும். ஐபோனில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே போனின் பெட்டிக்குள்ளேயே ஆப் தன் காரணத்தை ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், அதுவும் புளூடூத்துக்குப் புளூடூத் என்றே கேட்கும். ஆண்ட்ராய்டின் பெட்டிக்குள் நாம் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்க முடியாது. பெட்டி வருவதற்கு முந்தைய திரைதான் நம்முடையது.

மூன்றாவது வரிக்கு வந்தோம். "சேகரிக்கப்பட்டு மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படுவதில்லை." டீச்சர் முப்பது வருடம் தமிழ் எடுத்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சேகரிக்கிறீங்க, ஆனா பகிர மாட்டீங்க. அதானே எழுதியிருக்கு?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். சொல்ல முடியவில்லை. 'சேகரிக்கப்பட்டு' என்ற வினையெச்சத்தின் மீதும் கடைசியில் வரும் 'இல்லை' பாயும் என்று எழுதியவன் நினைத்துக்கொள்கிறான். படிப்பவருக்கு அப்படிப் பாய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "சாப்பிட்டுப் போகவில்லை" என்றால் சாப்பிடவும் இல்லை, போகவும் இல்லை என்றும் எடுக்கலாம். சாப்பிட்டார், ஆனால் போகவில்லை என்றும் எடுக்கலாம். பேச்சில் குரல் பிரித்துக் காட்டும். திரையில் குரல் இல்லை. சந்தேகத்தோடு படிப்பவர் இரண்டு பொருளில் மோசமானதைத்தான் எடுப்பார், எடுக்க வேண்டும். அது போதாதென்று, தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் உட்காருவதால், பாதியில் நிறுத்தியவர் கண்ணில் பட்டது "தங்கள் இருப்பிடத் தகவல்கள் சேகரிக்கப்பட்டு" வரைதான்.

'படு' சேர்த்த செயப்பாட்டு வினை இன்னொரு கோளாறு. சேகரிக்கப்படுவதில்லை என்றால் யார் சேகரிப்பதில்லை? போனா, ஆப்பா, கம்பெனியா? பொறுப்பேற்க ஆளில்லாத வாக்கியம்.

இனி புது வாக்கியம். என் முதல் முயற்சி: "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம், மெஷினை இணைக்க மட்டுமே இந்த அனுமதி." டீச்சரிடம் படித்தேன். "முக்கியம்னு தானா வந்து சொல்றவங்களத்தான் முதல்ல சந்தேகப்படணும் தம்பி" என்றார். அந்தப் பாதியை வெட்டினேன். இரண்டாவது: "இது ஆண்ட்ராய்டின் விதி, எங்களுக்கு உங்கள் இருப்பிடம் தேவையில்லை." சேவை மையத்தில் சொன்ன பதிலையே மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை. தேவையில்லாததை எதற்குக் கேட்கிறீர்கள் என்று அடுத்த நொடியே கேள்வி வரும்.

மூன்றாவது முயற்சி எனக்கே பிடித்திருந்தது: "மெஷினைப் புளூடூத்தில் தேடத்தான் இந்த அனுமதி; நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது." சுருக்கம், தெளிவு, பேச்சுத் தமிழின் ஓட்டம். இதை அனுப்பத் தயாராக இருந்தேன். ஆப்பை எழுதும் பெண்தான் தடுத்தார். "அண்ணா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தோம். மூன்று கட்டமாக. முதலில் நம் ஆப்பின் நிரலில் இடத்தைப் படிக்கும் அழைப்புகள் இருக்கின்றனவா என்று தேடினார்: `getLastKnownLocation`, `requestLocationUpdates`, `FusedLocationProviderClient`. எதுவும் இல்லை. ஆனால் நம் நிரல் மட்டும் ஆப் ஆகிவிடாது. கிராஷ் அறிக்கைக்கு ஒன்று, பயன்பாட்டுக் கணக்குக்கு ஒன்று என்று வெளியார் எழுதிய நூலகங்கள் உள்ளே இருக்கும். ஆப்புக்குக் கிடைத்த அனுமதி அவற்றுக்கும் கிடைத்ததுதான். வீட்டுச் சாவியைக் கொடுத்தால் உடன் வந்தவர்களும் உள்ளே வரலாம் என்பது போல. அதனால் இரண்டாவது கட்டமாக, போனுக்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு பிராக்ஸியை வைத்து, அனுமதி கொடுத்த நிலையில் ஆப்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியே போகும் ஒவ்வொரு பொதியையும் திறந்து பார்த்தோம். அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் போகவில்லை. மெஷினிலிருந்து போனுக்கு வரும் தகவலிலும் இடம் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கென்றே புளூடூத்தில் வகுத்திருக்கும் அமைப்பில் மேல் அளவு, கீழ் அளவு, சராசரி அழுத்தம், இருந்தால் நேரமும் நாடித்துடிப்பும் பயனர் எண்ணும் அளவெடுத்த நிலை பற்றிய குறிப்பும், அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். பயன்பாட்டுக் கணக்கின் டாஷ்போர்டைத் திறந்தால், பயனர் வரிசையில் 'நகரம்' என்று ஒரு பத்தி. அதில் மதுரை, சேலம், திருச்சி. ஆப் இடத்தை அனுப்பவில்லை. ஆனால் இணையத்தில் எது பேசினாலும் ஐபி முகவரி கூடவே போகிறது, அதை வைத்து அந்தச் சேவை தானாகவே ஊரை ஊகித்து எழுதி வைத்திருந்தது. பிராக்ஸியில் எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது, காரணம் ஊகம் நடப்பது போனில் அல்ல, எதிர்முனையில். நான் "தெரியாது" என்று எழுதி அனுப்பியிருந்தால் அது பொய். தெருவரை தெரியாது என்பது சரி. ஊர் தெரிந்திருந்தது.

அந்த அமைப்பை அணைக்கச் சொன்னோம், அணைத்தார்கள். சேர்ந்திருந்த பத்தியையும் அழித்தார்கள். அதற்குப் பிறகும் "தெரியாது" என்ற சொல்லுக்குத் திரும்பவில்லை. ஐபி முகவரி சர்வரின் பதிவில் விழத்தான் செய்யும். ஒருவருக்கு என்ன தெரியும், தெரியாது என்பது மனநிலை பற்றிய பேச்சு. அதை யாரும் சோதிக்க முடியாது. ஆப் என்ன செய்கிறது, செய்வதில்லை என்பதைச் சோதிக்கலாம். ஆகவே வினைச்சொற்கள் ஆப்பின் செயலாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வினைக்கும் தனித்தனி 'இல்லை' இருக்க வேண்டும்.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. அனுமதி தராவிட்டால் என்ன ஆகும்? பழைய விளக்கத்தில் அது "கட்டாயமாகும்" என்று இருந்தது. உண்மையில் ஆப்பில் அளவைக் கையால் பதியும் வசதி உண்டு, இரண்டு திரை தள்ளி, ஒரு மெனுவுக்குள். இல்லை என்று சொல்லும் வழியைக் காட்டாமல் கேட்பது அனுமதி கேட்பதாகாது. சந்தைப்படுத்தும் பிரிவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. கையால் பதியலாம் என்று சொன்னால் எல்லாரும் அதையே செய்வார்கள், அப்புறம் புளூடூத் மெஷினுக்குக் கூடுதல் விலை எதற்கு என்றார்கள். நியாயமான கவலைதான், ஆனால் அது பயனரின் கவலை அல்ல.

கடைசியில் நின்றது இது:

"உங்கள் பிரஷர் மெஷினைப் புளூடூத்தில் தேட, இந்தப் போன் 'இருப்பிடம்' என்ற அனுமதியைக் கேட்கும், நீங்கள் இருக்கும் இடத்தை இந்த ஆப் பார்ப்பதும் இல்லை, எழுதி வைப்பதும் இல்லை, வேண்டாம் என்றால் அளவைக் கையால் பதியலாம்."

மூன்று வாக்கியத்தைக் காற்புள்ளியால் ஒட்டியிருக்கிறாய் என்று ஒரு நண்பர் கேலி செய்தார். ஒப்புக்கொள்கிறேன். எதற்கு, என்ன செய்யாது, மறுத்தால் என்ன என்ற மூன்றில் ஒன்றைப் பிரித்து 'மேலும் அறிய' என்ற இணைப்புக்குள் வைத்தால், அந்த ஒன்றைத்தான் ஒளிக்கிறார்கள் என்று டீச்சர் நினைப்பார். 'பகிர்வதில்லை' என்பதை வேண்டுமென்றே விட்டேன். எழுதியே வைக்காததை எப்படிப் பகிர்வது? சொன்னால், பகிர ஏதோ இருக்கிறது என்ற வாசனை வரும்.

வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஐந்து பேரிடம் காட்டினேன். படிக்கவிட்டு, போனைத் திருப்பி வைத்துவிட்டு, என்ன படித்தீர்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் ஓட்டை தெரியும். நால்வர் மூன்று பகுதியையும் சொன்னார்கள். ஒரு பெரியவர் நடுப்பகுதியை விட்டுவிட்டு, "கையால எழுதிக்கலாம்னு போட்டிருக்கு, அது போதும்" என்றார்.

வாக்கியம் எங்கே, எப்போது வருகிறது என்பதும் மாறியது. முன்பு ஆப்பைத் திறந்ததுமே வந்தது, மெஷின் என்ற பேச்சே வராத நேரத்தில். இப்போது 'மெஷினை இணை' என்ற பட்டனை அழுத்திய பிறகுதான் வரும். வாய்ப்புகளும் குறைவு. ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் போன் அந்தப் பெட்டியைக் காட்டுவதையே நிறுத்திவிடும். பிறகு அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

இதே வாக்கியத்தை எல்லாப் போன்களுக்கும் போட்டுவிடக் கூடாது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 புளூடூத் தேடலுக்குத் தனி அனுமதி கொண்டுவந்தது. அந்தப் போன்களில் பெட்டி 'அருகிலுள்ள சாதனங்கள்' என்றுதான் கேட்கும். தேடலில் கிடைப்பதை வைத்து இடத்தை ஊகிக்க மாட்டேன் என்று ஆப் தனக்கு வேண்டிய அனுமதிகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பிலேயே எழுதிக் கொடுக்கலாம்:

```xml
<uses-permission
    android:name="android.permission.ACCESS_FINE_LOCATION"
    android:maxSdkVersion="30" />
<uses-permission
    android:name="android.permission.BLUETOOTH_SCAN"
    android:usesPermissionFlags="neverForLocation" />
```

முதல் பகுதி, இருப்பிட அனுமதியை ஆண்ட்ராய்டு 11-உடன் நிறுத்துகிறது. இரண்டாவதில் உள்ள `neverForLocation` வெறும் வாக்குறுதி அல்ல. அதைப் போட்டால் சில பீக்கன்களைத் தேடல் முடிவிலிருந்து போனே வடிகட்டிவிடும். ஆகப் புதுப் போன்களில் நம் நடு வரியின் ஒரு பங்கைப் போனே காவல் காக்கிறது. அங்கே வாக்கியமும் குட்டையானது: "உங்கள் பிரஷர் மெஷினைத் தேட, 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி வேண்டும், வேண்டாம் என்றால் அளவைக் கையால் பதியலாம்." இடம் பற்றிப் பேச்சே இல்லை. கேட்காத ஒன்றைச் செய்யமாட்டேன் என்று எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும்?

பழைய போன்களில் ஒரு பொறி இன்னும் பாக்கி. அனுமதி கொடுத்த பின்பும், மேலிருந்து இழுத்தால் வரும் இருப்பிட சுவிட்ச் அணைந்திருந்தால் தேடலில் எதுவும் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. பட்டியல் காலியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். அனுமதி இருந்து, சுவிட்ச் அணைந்திருந்தால் மட்டும் வரும்படி ஒரு தனி வரி எழுதினோம்: "மெஷினைத் தேடும் வரை போனின் இருப்பிட சுவிட்சைப் போட்டு வையுங்கள், இணைந்ததும் அணைத்துவிடலாம்." அணைத்துவிடலாம் என்பதை எழுதும் முன், இணைந்த மெஷினோடு சுவிட்சை அணைத்துப் பத்து முறை அளவெடுத்துப் பார்த்தோம். எங்கள் ஆப் இணைந்த மெஷினை அதன் முகவரியை வைத்து நேராகக் கூப்பிடுவதால் மறுபடி தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் புதிதாகத் தேடும் ஆப் என்றால் அந்த வரி பொய்யாகியிருக்கும்.

இதையெல்லாம் முடித்த பிறகு, அனுமதியே கேட்காமல் முடியாதா என்று நான் தாமதமாகக் கேட்டேன். முடியுமாம். ஆண்ட்ராய்டு 8 முதல் `CompanionDeviceManager` என்று ஒன்று இருக்கிறது. தேடும் வேலையை ஆப்புக்குப் பதிலாகப் போனே செய்து, பயனர் தேர்ந்தெடுத்த ஒரு மெஷினை மட்டும் ஆப்பிடம் கொடுக்கும். சுற்றி வேறென்ன இருக்கிறது என்று ஆப்புக்குக் காட்டாது, அதனால் இருப்பிட அனுமதியும் தேவையில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க வாக்கியம்தானே அண்ணா கேட்டீங்க" என்றார். அடுத்த பதிப்புக்கு அது பட்டியலில் ஏறியிருக்கிறது. ஏறினால் மூன்று வாரம் உழைத்த வாக்கியம் போய்விடும். எனக்குச் சம்மதமே.

புதுப் பதிப்பு போனதும் டீச்சரை அழைத்தேன். பெட்டியிலிருந்து மெஷினை எடுத்து வைத்திருந்தார். போனில் வந்த வாக்கியத்தை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினார். "பார்ப்பதும் இல்லை, எழுதி வைப்பதும் இல்லை. இப்ப சரி" என்றார். பிறகு மறுப்பு பட்டனை அழுத்திவிட்டு, 138, 86 என்று கையால் பதிந்தார்.

"நம்பிக்கை இல்லையா டீச்சர்?"

"நம்புறேன் தம்பி. கையால எழுதலாம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. எனக்கு எழுதத்தான் பிடிக்கும்."